குழாயை மூடினால் மட்டும் போதாது

2016 ஜனவரி கடைசியில் ஜப்பானின் கியூஷு தீவில் குளிர் அலை ஒன்று வீசியது. நாட்டின் நான்கு பெரிய தீவுகளில் தெற்கே இருப்பது அது. பனியை அதிகம் பார்க்காத ஊர்கள். வீட்டுச் சுவரின் வெளிப்புறத்தில் போர்வையே இல்லாமல் ஓடிய தண்ணீர்க் குழாய்கள் இரவில் உறைந்தன. வெயில் வந்து பனிக்கட்டி இளகியதும் விரிசல் வழியாகத் தண்ணீர் கொட்டத் தொடங்கியது. ஆள் இருந்த வீடுகளில் ஓடிப்போய் மூடினார்கள். பூட்டிக் கிடந்த வீடுகளில் யார் மூடுவது? கசிவு பெருகி, நீர்த்தேக்கத் தொட்டிகளில் மட்டம் இறங்கி, ஒமுதா நகரத்தில் குழாய்களே வறண்டன. தற்காப்புப் படையினர் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

வடக்கே ஹொக்கைடோவில் ஒவ்வொரு குளிர்காலமும் இதைவிடக் கடுமையாகத்தான் இருக்கும். அங்கே வீட்டுக்கு வீடு ஒரு பழக்கம் உண்டு. கடுங்குளிர் இரவுகளில் படுக்கப் போகுமுன்பும், ஊருக்குக் கிளம்பும் முன்பும் குழாய்களைக் காலி செய்துவிடுவார்கள். இதற்கு 'மிஸுநுகி' என்று பெயர், தண்ணீரை வடித்துவிடுவது. படிப்புக்கும் வேலைக்கும் சப்போரோ போன்ற ஊர்களுக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு வீட்டுச் சாவி கொடுக்கும்போதே இதையும் சொல்லிக் கொடுப்பார்கள். ஆனால் அந்த முதல் நாள் பரபரப்பில் காதில் ஏறாமல் போகிற விஷயமும் இதுதான்.

அந்த வீடுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஜப்பானின் பழைய மரவீடுகளிலும் சிறிய அடுக்குமாடி வீடுகளிலும் வீடு முழுவதையும் சூடாக்கும் ஏற்பாடு பெரும்பாலும் கிடையாது. கூடத்தில் ஒரு மண்ணெண்ணெய் ஹீட்டர் எரியும். அதன் சூடு குளியலறைக்கும் கழிப்பறைக்கும் எட்டாது. வீட்டைப் பூட்டும்போது அந்த ஹீட்டரையும் அணைத்துவிட்டுத்தான் போக முடியும். அதற்குப் பிறகு குளியலறையும் மெல்ல மெல்லத் தெருவின் குளிருக்கு இறங்கிவிடும். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 4 டிகிரிக்குப் போனால் குழாய் உறையத் தொடங்கும் என்பது அங்குள்ள குடிநீர்த் துறைகள் சொல்லும் கணக்கு. சப்போரோவில் ஜனவரி மாதத்து இரவுகள் சாதாரணமாகவே அதைத் தாண்டும்.

தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பருக்கும் என்பது பள்ளிப் பாடம். ஆனால் பனிக்கட்டி பருத்து நெருக்குவதாலேயே குழாய் உடைகிறது என்று நினைத்தால் பாதிதான் சரி. குழாயின் நடுவில் ஓரிடத்தில் முதலில் ஒரு பனி அடைப்பு உண்டாகிறது. அது வளர வளர, தனக்கும் மூடிய குழாய்வாய்க்கும் நடுவே சிக்கிய தண்ணீரைத் தள்ளுகிறது. அந்தத் தண்ணீருக்குப் போக வழியில்லை. அழுத்தம் ஏறிக்கொண்டே போய், பலவீனமான இணைப்பு எதுவோ அங்கே பிளக்கிறது. அதனால் உடைந்த இடம் ஒன்றாகவும் உறைந்த இடம் வேறாகவும் இருக்கலாம். அடைப்பு இளகும்வரை ஒரு சொட்டும் வெளியே வராது என்பதால், உடைந்தது அன்றே தெரிவதும் இல்லை.

ஆகவே செய்ய வேண்டிய வேலைகள் இரண்டு. வரும் தண்ணீரை நிறுத்துவது ஒன்று. உள்ளே நிற்கும் தண்ணீரை வெளியேற்றுவது இன்னொன்று. பலர் முதலாவதைச் செய்துவிட்டு இரண்டும் முடிந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். வால்வை மூடினாலும் குழாய்க்குள் தண்ணீர் அப்படியேதான் நிற்கும். உறிஞ்சுகுழலின் மேல்நுனியை விரலால் பொத்தித் தூக்கினால் பானம் கீழே விழாதே, அதே கதைதான். மேலிருந்து காற்று நுழைந்தால்தான் கீழே தண்ணீர் இறங்கும்.

ஹொக்கைடோ வீடுகளில் இதற்கென்றே ஒரு வடிகால் வால்வு வைத்திருக்கிறார்கள். அதன் கைப்பிடி குளியலறைக்கோ சமையலறைக்கோ அருகில் தரையிலோ சுவரிலோ இருக்கும். புது வீடுகளில் அது ஒரு மின்பொத்தான். வால்வின் உடல் மட்டும் மண்ணுக்குள் ஆழத்தில், உறைபனி எட்டாத இடத்தில் இருக்கும். சப்போரோவில் கட்டடம் கட்டுவோர் மண் 60 செ.மீ. ஆழம்வரை உறையும் என்று கணக்கு வைக்கிறார்கள். கிழக்கே இன்னும் ஆழம். கைப்பிடியை மூடினால் தெருவிலிருந்து வரும் தண்ணீர் நிற்கும். கூடவே வால்வின் அடியில் ஒரு சிறு துளை திறக்கும். வீட்டுக்குள் ஏறி நிற்கும் தண்ணீர் அந்தத் துளை வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். மேலே காற்று நுழைய வழி செய்வது மட்டும் நம் பொறுப்பு.

ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு பார்ப்போம். சப்போரோவில் இரண்டாம் மாடியில் ஒரு சிறு வீடு. குடியிருப்பவர் டிசம்பர் கடைசியில் பூட்டிவிட்டு மதுரைக்கு வருகிறார். பொங்கல் முடிந்துதான் திரும்புவார். கிளம்பும் நாள் காலையில் குளித்து முடித்தபின் முதலில் வெந்நீர்க் கருவியை நிறுத்த வேண்டும். உள்ளே தண்ணீர் கொதியாக இருக்கும்போது வடிக்கக் கூடாது, ஆறட்டும். பிறகு வடிகால் வால்வின் கைப்பிடியை வலப்பக்கமாக, இனி திரும்பாது என்னும்வரை திருகி மூட வேண்டும். தண்ணீருக்கு ஒன்று, வெந்நீருக்கு ஒன்று என இரண்டு கைப்பிடி இருந்தால் இரண்டையும்.

அடுத்தது குழாய்கள். குளியலறை, முகம் கழுவும் தொட்டி, சமையலறை, துணி துவைக்கும் இயந்திரம் என்று ஒன்றுவிடாமல் திறக்க வேண்டும். ஒற்றை லீவர் குழாய்தான் இங்கே ஏமாற்றும். அதைக் குளிர்ப்பக்கம் மட்டும் தள்ளித் திறந்தால் வெந்நீர்க் குழாய் நிரம்பியே நிற்கும். ஆகவே இடமும் வலமும் மாற்றி மாற்றித் திறக்க வேண்டும். ஷவருக்கும் அதுவே. ஷவர் தலையைக் கொக்கியிலிருந்து எடுத்துத் தரையில் போட்டால்தான் அதன் நெளிகுழாயில் தங்கிய தண்ணீர் வெளியே வரும். ஷவர் குழாயின் அடியில் சின்ன வடிகால் திருகு இருந்தால் அதையும் தளர்த்த வேண்டும்.

இப்போது குழாய்வாயில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். தோலை மெல்ல உள்ளே இழுக்கும். 'ஸ்ஸ்' என்று காற்று உறிஞ்சும் சத்தமும் கேட்கும். தண்ணீர் கீழே இறங்குகிறது என்பதற்கு அதுதான் சாட்சி. இழுப்பும் சத்தமும் நின்றால் அந்தக் குழாய் காலி. ஆரம்பம் முதலே இழுப்பு இல்லையென்றால் வால்வு முழுதாக மூடவில்லை, அல்லது அதன் துளை அடைத்திருக்கிறது. அப்போது வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

இவ்வளவு செய்தபின்னும் வடியாத தண்ணீர் குளியலறையில் இருக்கும். கழிப்பறையின் ஃப்ளஷ் தொட்டியை அழுத்தி முழுதாகக் காலி செய்துவிடலாம். ஆனால் கோப்பையின் அடியில் நிற்கும் தண்ணீர் போகாது. முகம் கழுவும் தொட்டிக்குக் கீழே உள்ள வளைவிலும், குளியலறைத் தரையின் சாக்கடை வாயிலும் அப்படித்தான். சாக்கடை வாடை மேலே வராமல் தடுப்பதற்காகவே அங்கே தண்ணீர் தங்கும்படி செய்திருக்கிறார்கள். அதை உறைய விட்டால் பீங்கான் கோப்பை வெடிக்கும். இதற்கு உறையா திரவம் ஊற்ற வேண்டும்; குளிர்காலத்தில் அங்குள்ள கடைகளில் புட்டியில் கிடைக்கும். புரொப்பிலீன் கிளைகால் வகையாகப் பார்த்து வாங்குவது நல்லது. காருக்கு ஊற்றும் எத்திலீன் கிளைகால் நச்சு. கழிப்பறை இருக்கையில் வெந்நீர் பீச்சும் கருவி இருந்தால் அதற்குத் தனிச் சிறு தொட்டியும் வடிகால் மூடியும் உண்டு. எல்லாம் செய்துவிட்டு அதை மறந்துபோகிறவர்கள்தான் அதிகம்.

வெந்நீர்க் கருவி தனிக்கதை. பல வீடுகளில் அது வெளிச்சுவரில் தொங்கும். உறையாமல் காக்க அதற்குள்ளேயே சிறு மின்சூடேற்றி வைத்திருப்பார்கள்; மின்சாரம் இருக்கும்வரைதான் அது வேலை செய்யும். ஊருக்குப் போகிறோமே, மின்கட்டணம் மிச்சமாகட்டும் என்று வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்தால் அந்தக் காப்பும் போயிற்று. கருவியைக் கையேட்டில் சொன்னபடி முழுதாக வடித்தவர் மட்டுமே மின்சாரத்தை நிறுத்தலாம். நாகனோ பக்கம் குழாயைச் சுற்றிக் கட்டும் சூடேற்று நாடாவுக்கும் இதே விதி: பிளக்கைப் பிடுங்கினால் அது வெறும் நாடா.

வடிகால் வால்வே இல்லாத வீடுகள் டோக்கியோவிலும் தெற்கிலும் ஏராளம். அங்கே மீட்டருக்குப் பக்கத்து வால்வை மூடி, தாழ்வான குழாயையும் உயரமான குழாயையும் சேர்த்துத் திறந்தால் கொஞ்சம் வடியும். கிடைமட்டமாக ஓடும் குழாயில் மிச்சம் நிற்கும். ஆனாலும் மூடிவிட்டுப் போவதில் பெரிய லாபம் உண்டு. குழாய் வெடித்தாலும் உள்ளே இருந்த அந்தக் கொஞ்சம் தண்ணீர்தான் கொட்டும்; கீழ்வீட்டுக் கூரை தப்பும். பென்சில் ஊக்கு அளவு தண்ணீரை இரவெல்லாம் ஓட விடுவது, ஆள் இருக்கும்போது ஓரிரு இரவுக்கு ஒப்பேற்றும் வழி. மூன்று வாரம் பூட்டும் வீட்டுக்கு அது ஆகாது.

திரும்பி வந்ததும் அவசரம் கூடாது. முதலில் வீட்டைச் சூடாக்கி, தளர்த்திய திருகுகளை இறுக்கி, குழாய்களை எல்லாம் மூடி, ஒன்றை மட்டும் சற்றே திறந்துவைத்துக்கொண்டு வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும். காற்றும் தண்ணீருமாகத் துப்பித் துப்பி, பிறகு சீராக வரும். வரவில்லையென்றால் எங்கோ உறைந்திருக்கிறது. வால்வை மறுபடி மூடிவிட்டு, குழாயில் துணியைச் சுற்றி, கை பொறுக்கும் வெதுவெதுப்பான தண்ணீரை அதன்மேல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றலாம். கொதிநீர் ஊற்றினால் குழாய் விரியும்.

கடைசியாக, கைப்பிடியை முழுதாகத் திறந்தோமா என்று பார்க்க வேண்டும். பாதியில் நின்றால் அடித்துளையும் பாதி திறந்தே இருக்கும். தெருத் தண்ணீர் இரவும் பகலும் மண்ணுக்குள் ஓடும், வீட்டில் ஈரம்கூடத் தெரியாது. எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே சின்ன வெள்ளிச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தால் கைப்பிடியை இன்னும் திருப்ப வேண்டியிருக்கிறது.