நான்கு அட்டையில் ஒரு தீர்ப்பு

சட்டக் கல்லூரியில் ஒப்பந்தச் சட்டம் படிப்பவர்கள் தவறாமல் சந்திக்கும் வழக்கு பால்ஃபர் எதிர் பால்ஃபர். இலங்கையில் நீர்ப்பாசனத் துறை இயக்குநராக இருந்த ஆங்கிலேயர் விடுப்பில் மனைவியோடு இங்கிலாந்து வந்தார். 1916இல் அவர் திரும்பும்போது, உடல்நலம் சரியில்லாத மனைவி மருத்துவர் சொற்படி அங்கேயே தங்கினார். மாதம் 30 பவுண்டு அனுப்புவதாகக் கணவர் வாக்குக் கொடுத்தார். பிறகு இருவரும் பிரிந்தார்கள். மனைவி வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றத்தில் வென்றவர், 1919இல் மேல்முறையீட்டில் தோற்றார்.

பாடநூலில் பல பக்கம் ஓடும் இந்தச் சுருக்கத்தை எழுவினா, விதி, பொருத்தம், முடிவு என்று நான்கு அட்டைகளாக்கலாம். பலரும் சறுக்குவது முதல் அட்டையிலேயே. ‘ஒப்பந்தம் செல்லுமா?’ என்று எழுதினால் அது எந்த வழக்குக்கும் பொருந்தும். ‘ஒன்றாக வாழும் கணவன் மனைவிக்கு மாதப்பணம் தருவதாகச் சொன்ன வாக்கு, நீதிமன்றம் நிறைவேற்றக்கூடிய ஒப்பந்தமா?’ என்று கேட்டால்தான் அது இந்த வழக்கின் எழுவினா.

விதி அட்டையில் பால்ஃபரும் வரக்கூடாது, இலங்கையும் வரக்கூடாது. சட்டத்தால் கட்டுப்படும் எண்ணம் இல்லாத உடன்பாடு ஒப்பந்தமாகாது. கணவன் மனைவிக்குள் செய்துகொள்ளும் குடும்ப ஏற்பாடுகளில் பொதுவாக அந்த எண்ணம் இருப்பதில்லை. இவ்வளவு போதும்.

மெனக்கெட வேண்டியது பொருத்த அட்டைக்குத்தான். ‘எண்ணம் இல்லை, ஆகவே ஒப்பந்தம் இல்லை’ என்று விதியையே திருப்பி எழுதிவிட்டு, முடித்துவிட்டதாக நினைப்பவர்கள் அதிகம். எழுதியதில் ஒரு சங்கதிகூட இல்லையென்றால் அது பொருத்தமே அல்ல. பணம் பேசியபோது அவர்கள் பிரிந்திருக்கவில்லை, உறவும் முறியவில்லை. மனைவி இங்கிலாந்தில் தங்கியதற்குக் காரணம் உடல்நலம். ஆகவே அது வீட்டுச் செலவுக்கான ஏற்பாடு. இப்படிச் சங்கதியும் காரணமும் கைகோத்து வர வேண்டும். முடிவு அட்டைக்கு ஒரே வரி: மேல்முறையீடு ஏற்கப்பட்டது, மனைவிக்குப் பணம் இல்லை.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. மூன்று நீதிபதிகளும் ஒரே முடிவுக்கு வந்தாலும் ஒரே வழியில் வரவில்லை. சட்ட எண்ணம் பற்றிய பேச்சு முக்கியமாக அட்கினுடையது. மனைவி பதிலுக்கு எதுவும் தரவில்லை, அதாவது மறுபயன் இல்லை என்பதில் டியூக் அழுத்தம் கொடுத்தார். இரண்டையும் ஒரே அட்டையில் திணித்தால் தேர்வில் இரண்டும் குழம்பும். மறுபயனைத் தனி எழுவினாவாக்கி, அதற்கென்று வேறு நான்கு அட்டை போடுவதே நல்லது.

அட்டைகள் சரியாக வந்தனவா என்று பார்க்க 1970ஆம் ஆண்டின் மெரிட் எதிர் மெரிட் வழக்கை எடுத்துக்கொள்ளலாம். அங்கே கணவர் ஏற்கெனவே வீட்டைவிட்டுப் போய்விட்டார். வீட்டுக் கடனை மனைவி அடைத்தால் வீட்டை அவர் பெயருக்கு மாற்றித் தருவதாக எழுதிக் கையெழுத்தும் போட்டார். அவர் கடனை அடைத்தார், வழக்கிலும் வென்றார். பால்ஃபரின் விதி அட்டையில் ஒரு சொல்லையும் மாற்றாமல், பொருத்த அட்டையை மட்டும் புதிதாக எழுதி இந்த முடிவுக்கு வர முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் விதி அட்டையில் ‘பொதுவாக’ என்ற சொல் விடுபட்டிருக்கும்.