கல்லைக் காட்டிக்கொடுக்கும் நிழல்

ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் எல்லோருடைய கண்ணும் கடைசிப் பத்திக்குத்தான் போகும். ‘இம்ப்ரெஷன்’ என்ற தலைப்பின் கீழே தடித்த எழுத்தில் இரண்டு மூன்று வரிகள் இருக்கும். அதற்கு மேலே ஒரு பக்கம் முழுக்க இருப்பதைப் படிப்பவர்கள் குறைவு. வயிற்று ஸ்கேன் எடுக்கும் மருத்துவராக எனக்கு இது எப்போதும் வருத்தம்தான். வலிக்கான பதில் பல நேரம் அந்த மேல் பத்திகளில் இருக்கிறது.

போன வருடம் 46 வயதுப் பெண் ஒருவர் வந்தார். தையல் வேலை செய்பவர். ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட்டு வந்த இரவு வலது விலாவுக்குக் கீழே வலி பிடித்திருக்கிறது. இரண்டு மணி நேரம் விடாமல் இருந்து, வலது தோள்பட்டை வரை ஏறி, பிறகு தானாக அடங்கியது. மறுநாள் காலை டிபனை முடித்துவிட்டுப் போய் ஓரிடத்தில் ஸ்கேன் எடுத்திருக்கிறார். இம்ப்ரெஷனில் இரண்டே வரி: கிரேடு 1 ஃபேட்டி லிவர், வலது சிறுநீரகத்தில் 3 மி.மீ. கல். அன்றிலிருந்து வாழைத்தண்டு சாறுதான். “ரெண்டு மாசமா ஒருநாள் விடாம குடிச்சேன் டாக்டர். ஆனா போன வாரம் மறுபடியும் அதே வலி” என்றார்.

பழைய ரிப்போர்ட்டை வாங்கி மேலிருந்து படித்தேன். பித்தப்பை பற்றிய இடத்தில், ‘பித்தப்பை சுருங்கிய நிலையில் உள்ளது’ என்று ஒரு வரி. யார் கண்ணிலும் படாத அந்த வரிதான் எனக்கு உறுத்தியது.

பித்தப்பை, கல்லீரலின் அடியில் தொங்கும் ஒரு சின்னப் பை. நாம் சாப்பிடாமல் இருக்கும்போது பித்தநீரைச் சேர்த்துவைத்துக்கொண்டு பேரிக்காய் போல விரிந்திருக்கும். எண்ணெய், நெய் கலந்த உணவு உள்ளே போனதும் சுருங்கி, பித்தநீரைக் குடலுக்கு அனுப்பிவிடும். சுருங்கிய பைக்குள் கல் இருந்தாலும் தெளிவாகத் தெரியாது. ஆறிலிருந்து எட்டு மணி நேரம் வெறும் வயிற்றில் வரச் சொல்வது இதற்காகத்தான். அந்த அம்மாவிடம் யாரும் இதைச் சொல்லவில்லை.

மறுநாள் காலை வெறும் வயிற்றோடு வந்தார். திரையில் பித்தநீர் கருப்பாகத் தெரியும். அந்தக் கருப்புக்குள் ஒரு வெள்ளை வளைவு மின்னியது. அதற்குப் பின்னால் படத்தின் அடிவரை ஒரு கருப்புக் கோடு விழுந்திருந்தது. ஒலியலை கல்லில் பட்டுத் திரும்பிவிடுவதால் அதைத் தாண்டி எதுவும் போகாது. அதனால் கல்லுக்குப் பின்னால் நிழல் விழுகிறது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொன்னேன். வெள்ளைப் புள்ளி உருண்டு இடம் மாறியது. நிழலும் கூடவே நகர்ந்தது. ரிப்போர்ட்டில் ‘அகூஸ்டிக் ஷேடோயிங்’, ‘மொபைல்’ என்று எழுதுவது இந்த இரண்டையும்தான். நிழலும் இல்லாமல், நகரவும் நகராமல் சுவரோடு ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் பாலிப் என்கிற சதைத் திரட்சி.

கல்லின் அளவு 11 மி.மீ. கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது. அளவைவிட நான் கவனித்தது வேறு இரண்டு எண்களை. பித்தப்பைச் சுவரின் தடிமன் 2 மி.மீ. அது 3 மி.மீ.க்கு மேல் போய், சுற்றிலும் நீரும் கோத்திருந்தால் பை அழற்சியில் இருக்கிறது என்று சந்தேகிப்போம். பித்தநீர் குடலுக்கு இறங்கும் பொதுக்குழாய் 4 மி.மீ. 6 மி.மீ.க்கு மேல் அது விரிந்திருந்தால், கல் நழுவிக் குழாயில் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வலியோடு காய்ச்சலோ, கண்ணில் மஞ்சளோ சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இவருக்கு அப்படி எதுவும் இல்லை.

பித்தப்பைக் கல் இருக்கிறது என்பதற்காக எல்லோருக்கும் அறுவை சிகிச்சை தேவையில்லை. தொந்தரவே தராத கல் உள்ள நூறு பேரில், ஒரு வருடத்தில் ஒருவருக்கோ இருவருக்கோதான் வலி தொடங்குகிறது. ஆனால் வலி ஒருமுறை வந்துவிட்டால் திரும்பவும் வருவதே வழக்கம். இவருக்கு இரண்டு முறை வந்துவிட்டது. சர்ஜனைப் பார்க்கச் சொன்னேன்.

“அப்போ கிட்னி கல்லு?” என்றார். வலது சிறுநீரகத்தை நிதானமாகத் தேடினேன். கீழ்ப்பகுதியில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. நிழல் இல்லை. சிறுநீரகத்தின் நடுவிலுள்ள கொழுப்பும் ரத்தக்குழாய்ச் சுவர்களும்கூட இப்படி வெள்ளையாகத் தெரியும். 5 மி.மீ.க்குக் குறைந்த கற்களில் அல்ட்ராசவுண்ட் இரண்டு விதமாகவும் தவறும்: இருப்பதை விட்டுவிடும், இல்லாததைக் கல் என்று காட்டும். இருக்கிற கல்லையும் சற்றுப் பெரிதாகவே அளக்கும்.

“கரைஞ்சிடுச்சா டாக்டர்?”

“அது முதல்லயே கல்லுதானான்னு எனக்குச் சந்தேகமா இருக்கும்மா.”

இரண்டு மாத உழைப்பை ஒரே வாக்கியத்தில் இல்லை என்று ஆக்குவது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொல்ல வேண்டியிருந்தது. உண்மையிலேயே 3 மி.மீ. கல்லாக இருந்தாலும், சிறுநீரகத்தின் மூலையில் அது சும்மா உட்கார்ந்திருக்கும்வரை இப்படிப்பட்ட வலி வராது. கல் சிறுநீர்க் குழாய்க்குள் இறங்கி அடைக்கும்போதுதான் உயிர் போகிற வலி வரும். அது முதுகுப்பக்கம் விலாவுக்குக் கீழே தொடங்கி அடிவயிறு, தொடை இடுக்கு வரை இறங்கும். அடைபட்ட சிறுநீர் பின்னால் தேங்கிச் சிறுநீரகம் வீங்கும். ரிப்போர்ட்டில் தேட வேண்டிய சொல் அதுதான்: ‘ஹைட்ரோநெஃப்ரோசிஸ்’. இவருடைய இரண்டு ரிப்போர்ட்டிலும் அது இல்லை என்றே இருந்தது. ஹைட்ரோநெஃப்ரோசிஸ் இருக்கிறது, கல் மட்டும் காணவில்லை என்று எழுதியிருந்தால் வேறு கதை. சிறுநீர்க் குழாயின் நடுப்பகுதியைக் குடல் காற்று மறைத்துவிடும். அப்போது சி.டி. ஸ்கேன் தேவைப்படலாம்.

கடைசியாகக் கல்லீரல். பழையதில் கிரேடு 1, நான் எழுதியது கிரேடு 2. இரண்டு மாதத்தில் மோசமாகிவிட்டது என்று பயந்தார். கொழுப்பு சேர்ந்த கல்லீரல், பக்கத்திலுள்ள சிறுநீரகத்தைவிட வெளுப்பாகத் தெரியும். அது கிரேடு 1. உள்ளே ஓடும் ரத்தக்குழாய்களின் சுவர் மங்கினால் 2. ஆழத்திலுள்ள உதரவிதானமே தெரியாமல் போனால் 3. எல்லாம் கண்ணால் பார்த்துச் சொல்வது. மெஷின் மாறினாலோ பார்ப்பவர் மாறினாலோ ஒரு படி கூடும், குறையும்.

கல்லீரலில் தழும்பு விழத் தொடங்கிவிட்டதா என்பதுதான் பெரிய கேள்வி. அதை இந்த கிரேடு சொல்லாது. சாதாரண ரத்தப் பரிசோதனையை வைத்து ‘ஃபிப்-4’ என்று ஒரு கணக்குப் போடலாம். அவருடைய எஸ்.ஜி.ஓ.டி. 38, எஸ்.ஜி.பி.டி. 49, பிளேட்லெட் 2,40,000. வயது 46-ஐ 38-ஆல் பெருக்கினால் 1748. 49-இன் வர்க்கமூலம் 7. அதை பிளேட்லெட்டுக்கான 240-ஆல் பெருக்கினால் 1680. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 1.04. 1.3-க்குக் கீழே இருந்தால் பெரிய தழும்பு இருக்கும் வாய்ப்பு குறைவு. அந்த எண்ணைப் பார்த்து எனக்கும் நிம்மதி.

எடை 72 கிலோ. ஐந்திலிருந்து ஏழு கிலோ குறைந்தால் கல்லீரல் கொழுப்பு நன்றாகவே இறங்கும். பட்டினி கிடந்து குறைக்க வேண்டாம் என்று அழுத்திச் சொன்னேன். மளமளவென்று எடை குறையும்போது பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பு கூடும். பித்தப்பையோடு இருக்கும் அவருடைய அக்கா தங்கைகளுக்கும் இதைச் சொல்லச் சொன்னேன்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவோடு வந்தார். லேப்ராஸ்கோப்பி முடித்து சர்ஜன் கொடுத்தது. உள்ளே கொண்டைக்கடலை அளவில் மஞ்சள் பழுப்பாக ஒரு கல். ஸ்கேல் எடுத்து இருவருமாக அளந்தோம். 10 மி.மீ. இருந்தது.