முதல் அரை மணியின் எல்லைக்கோடு

தேசியப் பங்குச் சந்தை காலை 9.15க்குத் திறக்கிறது. 9.45 வரை ஒரு பங்கு தொட்ட உச்சவிலை 510 ரூபாய், தாழ்விலை 500 என்று வைத்துக்கொள்வோம். தினவணிகர்கள் சிலர் இந்த இரண்டையும் எல்லையாகக் குறித்துக்கொண்டு, விலை 510ஐத் தாண்டினால் வாங்குவார்கள். 500க்கு ஸ்டாப்லாஸ் போடுவார்கள். ஆயிரம் ரூபாய்தான் இழக்கலாம் என்றால், நூறு பங்குக்கு மேல் வாங்கக் கூடாது.

சிக்கல் பொய்யான உடைப்பில் இருக்கிறது. விலை 511ஐத் தொட்டுவிட்டு 508க்குத் திரும்பிவிடும்; தொட்டவுடன் வாங்கியவர் மாட்டிக்கொள்வார். அதனால் ஐந்து நிமிட கேண்டில் 510க்கு மேல் முடிகிறதா, வால்யூமும் கூடியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. அப்போதும் உடைப்பு பொய்க்கலாம். எல்லையே 30 ரூபாய் அகலமென்றால், அதே ஆயிரத்துக்கு 33 பங்குதான். விலையும் ஏற்கெனவே வெகுதூரம் ஓடியிருக்கும். அன்று ஒதுங்கிவிடலாம்.