மூக்குத்திக்காக ஒரு கடிதம்

ஓசூர் சிப்காட்டில் இரவு ஷிப்டு முடித்து வீடு திரும்புகிறாள் ஒரு தாய். செல்போனில் ஒரு படம் வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்துச் சுற்றறிக்கையை யாரோ படம் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். "காதில் சிறு தோடு தவிர வேறு நகை கூடாது" என்று அதில் இருக்கிறது. அவளுடைய மகளுக்கு அடுத்த மாதம் மூக்குக் குத்துவதாகப் பாட்டி நாள் பார்த்து வைத்திருக்கிறாள். என்ன செய்வது?

"பிரின்சிபாலுக்கு ஒரு கடிதம் எழுது" என்பார்கள் பக்கத்து வீட்டார். நல்ல யோசனைதான். ஆனால் எப்படி எழுதுவது? இதே மூக்குத்திக்காக ஒரு தமிழ்த் தாய் எழுதிய கடிதம், கடல் கடந்த நாட்டில் மிகப் பெரிய கோர்ட்டு வரை போயிருக்கிறது. அந்தக் கதையை முதலில் கேளுங்கள்.

டர்பன் நகரத்துத் தாய்

1860-ம் ஆண்டில் சென்னையிலிருந்து கப்பல் ஏறி, கரும்புத் தோட்டங்களில் வேலை செய்யத் தென் ஆப்பிரிக்கா போனார்கள் நம்மவர்கள். அவர்களுடைய சந்ததியார் இன்றும் டர்பன் நகரத்தில் வாழ்கிறார்கள். அந்த நகரத்துப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் ஒரு சிறுமி படித்தாள். பிள்ளை என்பது குடும்பப் பெயர்.

2004-ம் ஆண்டு செப்டம்பர் விடுமுறையில் அவளுக்கு மூக்குக் குத்தினார்கள். சிறிய தங்க மூக்குத்தி போட்டார்கள். அக்டோபரில் பள்ளி திறந்தது. "மூக்குத்தி விதிக்கு விரோதம், கழற்ற வேண்டும்" என்றது பள்ளி. அந்தப் பள்ளியின் விதியில் காதுக்கு ஒரு சிறு தோடு மட்டுமே உண்டு. விதியை ஏற்பதாகத் தாயார் முன்பே கையெழுத்தும் போட்டிருந்தார்.

ஏன் விலக்கு வேண்டும் என்று எழுதித் தரும்படி பள்ளி கேட்டது. தாயார் எழுதினார். "எங்கள் பூர்வீகம் தென்னிந்தியா. பெண் பெரியவளானதும் மூக்குக் குத்துவது எங்கள் குல வழக்கம். 16 வயது ஆகும்போது பாட்டி இந்த மூக்குத்தியை எடுத்துவிட்டு வைர மூக்குத்தி போடுவாள். இது அலங்காரத்துக்காக அல்ல." கடிதத்தின் சாரம் இதுதான்.

பள்ளி யோசித்தது. விஷயம் தெரிந்தவர்களின் அபிப்பிராயமும் கேட்டது. கடைசியில் "முடியாது" என்றது. வழக்கு தொடங்கியது. 2005-ல் கீழ்க் கோர்ட்டில் தாயார் தோற்றார். 2006-ல் ஐகோர்ட்டில் ஜெயித்தார். 2007 அக்டோபர் 5-ந் தேதி அரசியல் சட்டக் கோர்ட்டின் தலைமை நீதிபதி பையஸ் லாங்கா தீர்ப்புக் கூறினார். பள்ளி செய்தது நியாயமற்ற பாகுபாடு என்றார். விதிப் புத்தகத்தில் விலக்குக் கேட்பதற்கு ஒரு வழி இருக்க வேண்டும் என்றும் உத்தரவு போட்டார். அதற்குள் அந்தப் பெண் படிப்பை முடித்துப் பள்ளியை விட்டே போய்விட்டாள்!

கடிதம் வென்றது ஏன்?

"மூக்குத்தி கட்டாயமா? போடாவிட்டால் பாவமா?" என்று பள்ளி கேட்டது. கட்டாயம் இல்லைதான். ஆனால் மனப்பூர்வமாகக் கைக்கொள்ளும் வழக்கத்துக்கும் பாதுகாப்பு உண்டு என்றது கோர்ட்டு. தாயார் இதைச் சாஸ்திரக் கட்டளை என்று கூட்டிச் சொல்லவில்லை. குடும்பத்தில் நடப்பதை நடப்பது போலவே எழுதினார். அது நிலைத்து நின்றது.

"ஒருத்திக்குக் கொடுத்தால் ஒழுங்கு கெடும்" என்றும் பள்ளி சொன்னது. ஆனால் அந்தப் பெண் இரண்டு ஆண்டுக்கு மேல் மூக்குத்தியோடு வகுப்புக்குப் போயிருந்தாள். அதனால் ஒழுங்கு கெட்டது என்பதற்கு அத்தாட்சி இல்லை.

குறையும் ஒன்று உண்டு. முதலில் குத்தினார்கள், பிறகு கடிதம் எழுதினார்கள். அனுமதி கிடைக்கும் வரை விதிக்குக் கட்டுப்பட்டிருக்க வேண்டும் என்று அதே கோர்ட்டில் ஒரு நீதிபதி சொன்னார். புதிதாகக் குத்திய துளை ஆறச் சில மாதம் பிடிக்கும். அதற்குள் கழற்றினால் தூர்ந்துவிடும். ஆகவே கடிதம் முதலில், தட்டான் பிறகு.

படத்தை நம்பலாமா?

இனி ஓசூருக்கு வருவோம். செல்போனில் வந்த படத்தை வைத்து உடனே எழுதிவிடாதீர்கள். யாருடைய சுற்றறிக்கை அது? தேதி என்ன? கையெழுத்தும் முத்திரையும் உண்டா? அடுத்த பக்கம் இருக்கிறதா? பல சமயம் விலக்குப் பற்றிய வரி, படம் பிடிக்காத பக்கத்தில் இருக்கும்.

எல்லையோரத்தில் இன்னொரு சங்கடம். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அது கர்நாடகம். இங்கே குடியிருந்து அங்கே படிக்கும் பிள்ளைகளும் உண்டு. 2022 பிப்ரவரி 5-ந் தேதி கர்நாடக அரசு சீருடை பற்றி ஓர் உத்தரவு போட்டது. அது அந்த மாநிலத்துக் கல்விச் சட்டப்படி போட்டது. ஓசூர்ப் பள்ளியை அது கட்டுப்படுத்தாது. ஆனால் படத்துக்கு எல்லை தெரியாது, வாட்ஸ்அப்பில் இங்கும் வந்துவிடும். ஆகவே பள்ளி அலுவலகத்துக்குப் போய் முழுப் பிரதியைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

கடிதம் எப்படி இருக்கலாம்?

ஒரு பக்கம் போதும். உதாரணம் பாருங்கள்:

"மதிப்பிற்குரிய பிரின்சிபால் அவர்களுக்கு வணக்கம். என் மகள் தங்கள் பள்ளியில் 9-ம் வகுப்பு படிக்கிறாள். நகை பற்றிய சுற்றறிக்கையில் 4-வது விதியைப் படித்தோம். எங்கள் குடும்பத்தில் பெண் பெரியவளான பின் மூக்குக் குத்துவது வழக்கம். அவளுடைய பாட்டிக்கும் எனக்கும் அப்படியே செய்தார்கள். கல் இல்லாத சிறு பொட்டு மூக்குத்தி ஒன்றுக்கு மட்டும் விலக்கு அளிக்க வேண்டுகிறேன். விளையாட்டு நேரத்தில் அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டிக்கொள்வாள். மற்ற விதிகள் எல்லாவற்றையும் கடைப்பிடிப்பாள். தங்கள் பதில் வந்த பிறகே மூக்குக் குத்துவோம். பதிலை எழுத்தில் தரக் கோருகிறேன்."

எந்த விதி, எவ்வளவு விலக்கு, என்ன காரணம், பள்ளிக்கு என்ன உறுதி? நான்கும் இதில் வந்துவிட்டன. இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் தேதியும் அலுவலகக் கையெழுத்தும் வாங்கி வையுங்கள். உடல்நலக் காரணம் என்றால் டாக்டர் சான்றிதழை இணைக்க வேண்டும்.

இது உரிமையா, வேண்டுகோளா?

டர்பன் தீர்ப்பு நம் நாட்டைக் கட்டுப்படுத்தாது. இங்கே கோர்ட்டுகள் பள்ளியின் பக்கமும் நின்றிருக்கின்றன. 2018-ல் முக்காடு சம்பந்தமான வழக்கில், தனியார் பள்ளியின் உடை விதியில் தலையிடக் கேரள ஐகோர்ட்டு மறுத்தது. 2022 மார்ச் 15-ல் கர்நாடக ஐகோர்ட்டு, மேலே சொன்ன அரசு உத்தரவு செல்லும் என்றது. அதே ஆண்டு அக்டோபர் 13-ல் சுப்ரீம் கோர்ட்டின் இரண்டு நீதிபதிகள் இருவிதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். விஷயம் பெரிய பெஞ்சுக்குப் போயிற்று.

ஆகவே சட்டப் பிரிவுகளை அடுக்கி மிரட்டும் கடிதம் இங்கே உதவாது. பிரின்சிபால் "சரி" என்று சொல்வதற்கு வழி செய்து கொடுக்கும் கடிதமே உதவும். "முடியாது" என்று பதில் வந்தால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பாட்டி பார்த்த நாள் போனால் போகட்டும். படிப்பு முடிந்த பிறகும் நல்ல நாள் வரும். ஒரு மூக்குத்திக்காகப் பெண்ணின் பள்ளிக்கூடம் ஒரு நாள்கூட நிற்கக் கூடாது.