அரசு ஏமாற்றாது, ஆனாலும் கில்ட் ஃபண்டில் நஷ்டம் வருவது ஏன்?

ஃப்ளாட்டுக்கு முன்பணம் கட்ட வைத்திருக்கும் தொகை. அடுத்த வருஷம்தான் தேவைப்படும். "கவர்மெண்ட் பாண்டுதானே, ரிஸ்க்கே இல்லை" என்று கில்ட் ஃபண்டில் போடுகிறீர்கள். ஒரு வருஷம் கழித்து ஆப்பைத் திறந்தால் போட்டதைவிடக் குறைவாக இருக்கிறது. யாரும் ஏமாற்றவில்லை. அரசு வட்டியைச் சரியாகக் கொடுத்திருக்கிறது. அப்புறம் என்ன ஆச்சு?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 ஆண்டு அரசுப் பத்திரம், விலை 100 ரூபாய், ஆண்டு வட்டி 6.50 ரூபாய். ஃபண்ட் இதை வாங்கிய மறுநாளே சந்தையில் வட்டி விகிதம் 7.5 சதவீதமாக ஏறிவிடுகிறது என்று வையுங்கள். இப்போது 100 ரூபாய்க்குப் புதுப் பத்திரம் வாங்கினால் 7.50 ரூபாய் கிடைக்கும். பிறகு 6.50 தரும் பழைய பத்திரத்தை யார் 100 கொடுத்து வாங்குவார்கள்? விலை சுமார் 93 ரூபாய்க்கு இறங்கினால்தான் விற்கும். ஃபண்டும் தன் கையிலுள்ள பத்திரங்களைத் தினமும் சந்தை விலைக்கே மதிப்பிட்டாக வேண்டும். அதனால் விற்காமலே என்.ஏ.வி. இறங்கிவிடும்.

வட்டி 1 சதவீதம் ஏறினால் விலை எத்தனை சதவீதம் விழும் என்று சொல்லும் எண்தான் மாடிஃபைட் டியூரேஷன். மேலே சொன்ன பத்திரத்துக்கு அது சுமார் 7.

வருஷக் கடைசியில் வட்டி 6.50 வந்துவிடும், விலையும் 93.60 பக்கம் நகர்ந்திருக்கும். கூட்டினால் 100.10. ஃபண்டின் செலவு அரை சதவீதம் என்றால் உங்களுக்கு மிஞ்சுவது 99.60. இதுவே 30 ஆண்டுப் பத்திரமாக இருந்திருந்தால், வட்டியையும் சேர்த்து, செலவைக் கழிக்கும் முன்பே சுமார் 94.80தான்!

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. 2022 மே 4 அன்று ரிசர்வ் வங்கி, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் ரெப்போ விகிதத்தை 4 சதவீதத்திலிருந்து 4.40 ஆக்கியது. 10 ஆண்டுப் பத்திரத்தின் வருவாய் விகிதம் அன்றே கால் சதவீதம் எகிறியது. டியூரேஷன் 7 உள்ள ஃபண்டுக்கு ஒரே நாளில் சுமார் 1.75 சதவீதம் போயிருக்கும். அதாவது, மூன்று மாத வட்டி அவுட்!

வட்டி இறங்கினால் இதே கணக்கு உங்கள் பக்கம் திரும்பும். ஏறினாலும், காத்திருந்தால் பரவாயில்லை. ஃபண்டுக்கு வரும் பணம் புது விகிதத்தில் மறுமுதலீடு ஆகும், கிட்டத்தட்ட டியூரேஷன் அளவு வருஷங்களில் சரிவு ஈடாகிவிடும். சிக்கல் முன்பணக்காரருக்குத்தான். அவரிடம் இருப்பது ஒரு வருஷம், ஃபண்டின் டியூரேஷனோ 7.

ஃபண்டின் மாதாந்திர ஃபேக்ட்ஷீட்டில் இந்த எண் இருக்கும். போன வருஷம் பார்த்ததை நம்பாதீர்கள். சாதாரண கில்ட் ஃபண்டில் மேனேஜர் அதை 3லிருந்து 10க்குக்கூட மாற்றலாம், பெயர் அதேதான் இருக்கும்.