சர்ட்டிஃபிகேட் மட்டுமா, வேலையுமா? சம்மர் இன்டர்ன்ஷிப்பை இப்படித் திட்டமிடலாம்!

``எட்டு வாரம் கம்பெனிக்குப் போனியே, என்ன கத்துக்கிட்ட?''

மே, ஜூனில் இன்டர்ன்ஷிப் முடித்துத் திரும்பும் பிள்ளைகளிடம் பல வீடுகளில் கேட்கப்படும் கேள்வி இது. ``எக்ஸெல்ல டேட்டா போட்டேன், ஜெராக்ஸ் எடுத்தேன், மீட்டிங்ல உட்கார்ந்தேன்'' என்று பதில் வந்தால், அந்த மாணவருக்கு மட்டுமல்ல, நிறுவனத்துக்கும் அந்த எட்டு வாரம் வீண்தான். கடைசி நாளில் ஒருவரை வேலைக்கு எடுக்க வேண்டும் என்றால், யார் கலகலப்பாகப் பேசினார், யார் ஆங்கிலத்தில் அசத்தினார் என்பதைத் தவிர அவர்களிடம் வேறு எந்தத் தகவலும் இருக்காது.

இதை மாற்ற பெரிய செலவு தேவையில்லை. எதை வைத்து மதிப்பிடப் போகிறோம் என்பதை, மாணவர்கள் உள்ளே வருவதற்கு முன்பே எழுதி வைத்தால் போதும். எப்படி என்பதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. தரப் பிரிவுக்கு 6 மாணவர்களை 8 வாரத்துக்கு எடுக்கிறது. அவர்களில் 2 பேருக்கு வேலை உண்டு என்று வைத்துக்கொள்வோம்.

முதல் 2 வாரம்: கை பழகட்டும்

முதலில் அடிப்படை வேலைகள். துணியை வட்டமாக வெட்டும் ஜி.எஸ்.எம் கட்டரால் 100 சதுர சென்டிமீட்டர் துண்டு எடுத்து எடை போட வேண்டும். 1.8 கிராம் இருந்தால், அதை 100-ஆல் பெருக்கி 180 ஜி.எஸ்.எம் என்று எழுத வேண்டும். அடுத்து சுருக்கம். துணியில் 50 செ.மீ குறித்து, துவைத்துக் காயவைத்து மீண்டும் அளக்க வேண்டும். 47.5 செ.மீ இருந்தால் 5 சதவிகிதம் சுருங்கியிருக்கிறது. பிறகு செக்கிங் டேபிளில் உட்கார்ந்து தையல் விட்டது, ஓட்டை, ஆயில் கறை, அளவு மாறியது என ஒவ்வொரு குறையையும் கண்ணால் பார்த்துப் பழக வேண்டும்.

இந்த 2 வாரத்துக்கு மதிப்பெண் கிடையாது. மதிப்பெண் போட்டால், அப்பா பனியன் கம்பெனியில் இருப்பதால் இதையெல்லாம் ஏற்கெனவே பார்த்து வளர்ந்தவர் முதல் நாளே முன்னால் நிற்பார். புதிதாகக் கற்கும் மாணவி பின்தங்கியவராகத் தெரிவார்.

அடுத்த 4 வாரம்: ஆளுக்கொரு லைன்

3-வது வாரத்திலிருந்து ஒவ்வொருவருக்கும் ஒரு தையல் லைன். வேலை சிறியது, ஆனால் முழுமையானது. அந்த லைனில் குறைகள் ஏன் வருகின்றன என்று கண்டுபிடித்து, ஒரு குறையையாவது குறைத்துக் காட்ட வேண்டும்.

ஒரு மாணவி தினமும் 300 பீஸ் பார்க்கிறார். 27 குறைகள் இருக்கின்றன. அதாவது, 100 பீஸுக்கு 9. அந்த 27-ல் 15 குறைகள் கழுத்து ரிப்பில் மட்டும் வருகின்றன. அந்த மெஷினில் தைக்கும் அக்காவிடம் கேட்கிறார். ``ஊசி மழுங்கிடுச்சு தம்பி, தங்கச்சினு யார்கிட்ட சொன்னாலும் மாத்த மாட்டேங்கிறாங்க'' என்கிறார் அவர். சூப்பர்வைசரிடம் சொல்லி ஊசியை மட்டும் மாற்றுகிறார்கள். மறுபடி 300 பீஸ் பார்த்தால் குறைகள் 15. நூற்றுக்கு 5 ஆகிவிட்டது. எண்ணுவது, காரணம் தேடுவது, ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது, மறுபடி எண்ணுவது என இந்தச் சுற்று முழுவதையும் அவர் கற்றுக்கொண்டுவிட்டார்.

பக்கத்து லைனில் இன்னொரு மாணவர். அங்கே புது மெஷின்கள். ஆரம்பத்திலேயே நூற்றுக்கு 3 குறைதான். எவ்வளவு முயன்றும் 2.5-க்குத்தான் இறங்குகிறது. குறைந்த அளவை வைத்து மதிப்பெண் போட்டால் மாணவிக்கு லாபம். கடைசி எண்ணை வைத்துப் போட்டால் மாணவருக்கு லாபம். இரண்டுமே லைனுக்குக் கிடைக்கும் மதிப்பெண்தான், ஆளுக்கு அல்ல.

அதனால் மதிப்பிட வேண்டியது வேலை செய்த முறையை. உதாரணமாக, காரணத்தை யூகித்து எழுதினால் 1 மதிப்பெண். கணக்கெடுத்துக் காரணத்தைக் காட்டினால் 3. ஒன்றை மாற்றி, மறுபடி எண்ணி நிரூபித்தால் 5. இந்த விளக்கத்தை முதல் நாளே 6 பேர் கையிலும் கொடுத்துவிட வேண்டும். 4-வது வார முடிவில் ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, இப்போது எங்கே நிற்கிறார், எதைத் திருத்த வேண்டும் என்று சொல்ல வேண்டும். கடைசி நாளில் சொன்னால் அது தீர்ப்பு. நடுவில் சொன்னால்தான் பாடம்.

7-வது வாரம்: எல்லோருக்கும் ஒரே மூட்டை

லைன் மாறுவதால் வரும் வித்தியாசத்தைச் சரிக்கட்ட, எல்லோருக்கும் பொதுவான ஒரு சோதனை வேண்டும். 50 பீஸ் கொண்ட ஒரு மூட்டை. அதில் 12 பீஸ் மட்டும் குறையுள்ளவை என்பது அதிகாரிகளுக்கு முன்கூட்டியே தெரியும். ஒவ்வொருவராக அதே நேர அளவில், அதே வெளிச்சத்தில் பார்த்துப் பிரிக்க வேண்டும்.

ஒருவர் 12-ல் 11-ஐப் பிடித்துவிட்டார். ஆனால், 9 நல்ல பீஸையும் ஒதுக்கிவிட்டார். இன்னொருவர் 9-ஐத்தான் பிடித்தார். நல்ல பீஸ் ஒன்றை மட்டும் தவறாக ஒதுக்கினார். யார் சிறந்தவர்?

குறை ஒன்றைப் பிடித்தால் 2 மதிப்பெண், நல்லதை ஒதுக்கினால் 1 கழிவு என்று வைத்தால் முதலாமவருக்கு 13, இரண்டாமவருக்கு 17. பிடித்தால் 5 என்று வைத்தால் முதலாமவர் 46, இரண்டாமவர் 44. முடிவே தலைகீழாகிவிடுகிறது! எது சரி என்பது கம்பெனியின் தேவையைப் பொறுத்தது. குறையுள்ள பீஸ் வெளிநாட்டு பையரிடம் போனால் வரும் நஷ்டம் பெரிதா, நல்ல பீஸை மறுபடி பார்க்கும் செலவு பெரிதா என்று முன்பே யோசித்து எழுதிவிட வேண்டும். ரிசல்ட் வந்த பிறகு கணக்கை மாற்றினால், பிடித்தவருக்காக மாற்றியதாகத்தான் ஆகும்.

8-வது வாரம்: தனித்தனியாக மார்க்

மாணவர்கள் தங்கள் வேலையை விளக்கும் நாள். கேட்கப்படும் கேள்விகள் 6 பேருக்கும் ஒன்றே. தமிழில் விளக்கலாம். செக்கிங் வேலைக்கு ஆங்கிலப் பேச்சு தேவையில்லை என்றால், அதற்கு மதிப்பெண்ணும் தேவையில்லை.

மதிப்பிட குறைந்தது 2 பேர். இருவரும் பேசிக்கொள்ளாமல் முதலில் தனித்தனியாக எழுத வேண்டும். அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1920-லேயே ஒரு விஷயத்தைக் கவனித்தார். ராணுவ அதிகாரிகள் வீரர்களுக்கு மதிப்பெண் போடும்போது, தோற்றத்தில் நன்றாகப் பெற்றவர் அறிவிலும் தலைமைப் பண்பிலும் நன்றாகவே பெற்றிருந்தார். ஒன்றில் பிடித்துப்போனால் எல்லாவற்றிலும் தாராளம் காட்டுவது மனித இயல்பு. அதனால், முதலில் 6 பேருக்கும் `காரணம் தேடியது' என்ற ஒரு பகுதியை மட்டும் மதிப்பிட்டுவிட்டு, அடுத்த பகுதிக்குப் போவது நல்லது. இருவரின் மதிப்பெண் அதிகம் வேறுபட்டால், எதைப் பார்த்து அப்படிப் போட்டார்கள் என்று சொல்ல வேண்டும். ``எனக்கென்னவோ அந்தப் பையன் சரியா வருவான்னு தோணுது'' என்பது காரணம் ஆகாது.

சேரும் முன்பே கேளுங்கள்

உதவித்தொகை உண்டா என்பதும் நியாயத்தின் ஒரு பகுதிதான். பஸ் கட்டணமும் ஹாஸ்டல் செலவும் சொந்தக் கையிலிருந்து என்றால், வசதியில்லாத மாணவி விண்ணப்பிக்கவே மாட்டார். அதன் பிறகு தேர்வு எவ்வளவு நேர்மையாக நடந்தாலும் அவருக்குப் பயனில்லை.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. 8 வாரத்தில் ஒருவரின் பொறுமையையோ, ஆர்டர் அவசரத்தில் அவர் எப்படி நடந்துகொள்வார் என்பதையோ முழுதாக அறிய முடியாது. வேலைக்கு எடுத்த 2 பேரும் ஒரு வருடம் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்பதைப் பழைய மதிப்பெண்ணோடு ஒப்பிட்டு, அடுத்த கோடைக்குத் திட்டத்தைத் திருத்த வேண்டும்.

வேலை கிடைக்காத 4 பேருக்கும் மதிப்பெண் தாளைக் கொடுத்து அனுப்ப வேண்டும். எதில் நன்றாகச் செய்தார், எதில் குறை என்று அதில் இருக்கும்.

உங்கள் வீட்டுப் பிள்ளை இன்டர்ன்ஷிப்புக்குக் கிளம்பினால், சேரும் முன் மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள்: ``எனக்கென்று என்ன வேலை தருவீர்கள்? எதை வைத்து மதிப்பிடுவீர்கள்? எத்தனை பேரை வேலைக்கு எடுப்பீர்கள்?'' இந்த மூன்றுக்கும் நேரான பதில் இருந்தால், ``என்ன கத்துக்கிட்ட?'' என்று நீங்கள் கேட்கும்போது உங்கள் பிள்ளையிடமும் நேரான பதில் இருக்கும்.