போர்டு எக்ஸாம் ரிசல்ட்: யாரையும் ஒப்பிடாமல் கொண்டாடுவது எப்படி?

ரிசல்ட் வந்த அரை மணி நேரத்தில் ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வரும். "90.4%, நம்ம குட்டி கலக்கிட்டா!" வரிசையாக வாழ்த்துகள். கொஞ்ச நேரத்தில் யாராவது கேட்பார்கள்: "பெரியப்பா பேரனும் இந்த வருஷம்தானே? அவனுக்கு எவ்வளவு?" சந்தோஷச் செய்தி அங்கேயே ஒப்பீடாக மாறிவிடுகிறது. கேட்டவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. குரூப்பில் ஒரு நம்பர் விழுந்தால், அடுத்த நம்பரைக் கேட்கத் தோன்றும், அவ்வளவுதான்.

போர்டுகளே நிறுத்திய ஒப்பீடு

மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதைத் தமிழ்நாடு 2017-லேயே நிறுத்திவிட்டது. சிபிஎஸ்இயும் மெரிட் லிஸ்ட் வெளியிடுவதை நிறுத்தியது. முதல் டிவிஷன், இரண்டாம் டிவிஷன் என்று பிரிப்பதையும் கைவிட்டது. ஐசிஎஸ்இ, ஐஎஸ்சி தேர்வுகளை நடத்தும் சிஐஎஸ்சிஇ 2024-ல் அதே முடிவை எடுத்தது. ஆரோக்கியமற்ற போட்டியைத் தவிர்ப்பதுதான் நோக்கம்.

அந்தச் சதவீதம் எங்கிருந்து வருகிறது?

மாணவர் எடுத்த மொத்த மதிப்பெண்ணுக்குச் சதவீதம் கணக்கிட்டுத் தருவதில்லை என்று சிபிஎஸ்இ தெளிவாகவே சொல்லியிருக்கிறது. ஆக, குரூப்பில் ஓடும் சதவீதம் வீட்டில் போட்ட கணக்கு. எந்தப் பாடங்களைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து அது மாறும்.

உதாரணமாக, பிளஸ் 2 மாணவி ஒருவர் இங்கிலீஷில் 92, கணிதத்தில் 78, இயற்பியலில் 81, வேதியியலில் 85, கம்ப்யூட்டர் சயின்ஸில் 96 எடுத்திருக்கிறார். கூடுதல் பாடமான உடற்கல்வியில் 98. முதல் ஐந்து பாடங்களைக் கூட்டினால் 432, அதாவது 86.4%. கணிதத்தை விட்டுவிட்டு உடற்கல்வியைச் சேர்த்தால் 452, அதாவது 90.4%. அதே பொண்ணு, அதே மார்க், ஆனால் நான்கு சதவீத வித்தியாசம். ஒரு வீடு முதல் கணக்கையும் இன்னொரு வீடு இரண்டாவதையும் சொன்னால், அந்த ஒப்பீட்டில் என்ன அர்த்தம் இருக்க முடியும்?

அப்போ எப்படிச் சொல்வது?

முதலில் பிள்ளையிடம் கேளுங்கள்: "யார் யாருக்குச் சொல்லலாம்? மார்க்கைச் சொல்லலாமா?" அது அவருடைய மார்க். நீங்கள் சித்தப்பாவோ அத்தையோ அக்காவோ என்றால், இந்தக் கேள்வி உங்களுக்கு இன்னும் முக்கியம். பெருமையில் ஸ்டேட்டஸ் போடுவது பெரும்பாலும் நாம்தான்.

குரூப்பில் சொல்வதானால் நம்பர் இல்லாமல் சொல்லலாம்: "மீனு பிளஸ் 2 முடிச்சுட்டா. காமர்ஸ் படிக்கணும்னு ஆசைப்பட்டா, அதுக்கு அப்ளை பண்றா. எல்லாரும் ஆசீர்வாதம் பண்ணுங்க." இப்படி எழுதினால் அடுத்த பேச்சு எந்த காலேஜ் என்று போகும். தாத்தா பாட்டிக்கு மார்க் தெரிய வேண்டுமென்றால் தனியாக போன் செய்து சொல்லலாம். மார்க் ஷீட் படத்தை எங்கும் போட வேண்டாம். ரோல் நம்பர், பெற்றோர் பெயர் எல்லாம் அதில் இருக்கும். பத்தாம் வகுப்பு என்றால் பிறந்த தேதியும் இருக்கும்.

ஸ்வீட் கொடுக்கலாமா?

தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் ரிசல்ட் அன்று மாலையே அப்பார்ட்மெண்டில் வீடு வீடாகப் போனால், கதவைத் திறப்பவர் வாழ்த்திவிட்டுத் தன் வீட்டு ரிசல்ட்டையும் சொல்லியாக வேண்டிய நிலைமை வரும். அன்று வீட்டுக்குள் பிள்ளைக்குப் பிடித்த சாப்பாடு, ஒரு சினிமா போதும். அக்கம்பக்கத்துக்கான ஸ்வீட்டை காலேஜ் அட்மிஷன் கிடைத்த பிறகு கொடுங்கள். அதற்குள் மற்றப் பிள்ளைகளுக்கும் அடுத்து என்ன செய்வது என்று ஒரு வழி தெரிந்திருக்கும்.

யாராவது கேட்டுவிட்டால்?

"எவ்வளவு?" என்று கேட்டால், "அவளுக்கு வேண்டியது கிடைச்சிருக்கு, சந்தோஷமா இருக்கா" என்று சொல்லிப் பேச்சை மாற்றலாம். குரூப்பில் வேறொரு பிள்ளையின் மார்க்கை யாராவது கேட்டால், அந்தக் குடும்பம் பதில் சொல்லும்வரை காத்திருக்காதீர்கள். "அவங்களே அப்புறம் சொல்லுவாங்க மாமா" என்று நீங்களே முடித்துவிடுங்கள். வெற்றிச் செய்தி சொன்ன வீட்டிலிருந்து அந்த வார்த்தை வந்தால் மற்றவர்களும் நிறுத்திக்கொள்வார்கள்.

வழக்கமாகப் பேசும் ஒரு வீடு அன்று மட்டும் குரூப்பில் அமைதியாக இருந்தால் கவனியுங்கள். ஆறுதலையும் குரூப்பில் போடாமல் தனியாக அழையுங்கள். ஒரு பாடத்தில் தவறியிருந்தால், துணைத் தேர்வு அதே ஆண்டிலேயே நடக்கும். அதற்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் சீக்கிரம் வந்துவிடும் என்பதால், அந்த உதவிதான் அப்போது தேவை. பிள்ளை யாரிடமும் பேசாமல், சாப்பிடாமல் ஒதுங்கியிருந்தால் மத்திய அரசின் டெலி-மனாஸ் எண் 14416-ஐ அழைக்கலாம். இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.